குட்டைக்கு ஒரு நல்ல பாட்டு

நீதிப் பாட்டுகளை ஒரு நிமிடக் கார்ட்டூன்களாக்கிப் பள்ளிகளுக்கு அனுப்பும் சின்ன ஸ்டுடியோவில் படம் வரைகிறவள் அவள். அச்சு ஒன்றுதான். முதலில் திரையில் இரண்டடிப் பாட்டு, பிறகு நாற்பது விநாடிக் கதை, கடைசியில் பொருள். கதையில் எப்போதும் இரண்டே சிறுமிகள். நெட்டை நல்லது செய்வாள், குட்டை தப்புச் செய்வாள்.

குட்டைக்கு முகம் தேடி அவள் எங்கும் அலையவில்லை. வீட்டிலேயே மகள் இருந்தாளே! மகளின் முன்பல் சந்தின் மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. குட்டை பேசும்போது அசைய ஆ-வுக்கு ஒரு வாய், ஊ-வுக்கு ஒரு வாய் என்று அந்தச் சந்தோடு ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டு எல்லாப் படங்களிலும் அதையே ஒட்டினாள். பொய், சோம்பல், பொறாமை, எல்லாம் அந்த வாய்க்கே போய்ச் சேர்ந்தன. பெற்றவளுக்கு இது உறைக்கவில்லை என்பதுதான் கொடுமை.

ஒரு நாள் மகள் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"என்னடி புதுப் பழக்கம்?"

"கிளாஸ்ல எது காணாமப் போனாலும் என்னத்தான் பாக்குறாங்க. குட்டை குட்டைங்குறாங்க. இந்தப் பல் சந்த அடைச்சிடும்மா."

சந்தை அடைப்பது பல் டாக்டருக்கு அரை மணி நேர வேலை. ஆனால் அடைத்தால், உன் பல்தான் தப்பு என்று பெற்றவளே சொன்னதாகிவிடாதா?

மறுநாள் முதலாளியிடம் போனாள். "சார், இந்தத் தடவை நெட்டை தப்புப் பண்ணட்டும்."

"என்னம்மா வெளையாடுறியா? இருக்குறதே ஒரு நிமிஷம். யாரு நல்லவ, யாரு கெட்டவன்னு பாத்த உடனே தெரிய வேணாமா?"

"அப்படித் தெரியுறதுதான் சார் தப்பு. பாட்டு செயலத்தானே திட்டுது? நாம முகத்தத் திட்ட வச்சிட்டோம். அச்சு அப்படியே இருக்கட்டும், ஆள மட்டும் மாத்துறேன்."

முதலாளி தலையைச் சொறிந்தார். "ஒண்ணே ஒண்ணு. பசங்களுக்குப் புரியலேன்னா பழையபடிதான்."

நாக்கை அடக்கச் சொல்லும் பாட்டு கையில் இருந்தது. அதைப் படமாக்கி மகளின் வகுப்பிலேயே போட்டுப் பார்த்தார்கள். பெற்றவள் கடைசி வரிசையில் நின்றாள். திரையில் ஜாடி உடைந்து கிடந்தது. "குட்டைதான்! குட்டைதான்!" என்று வகுப்பே கத்தியது. நெட்டையும் அதையேதான் கத்தினாள். அப்போது அலமாரிக்குப் பின்னாலிருந்து பூனை எட்டிப் பார்த்தது. குட்டை அழுதுகொண்டே ஜாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். கத்திய வாய்களெல்லாம் கப்சிப். பொருள் திரையில் வருவதற்குள் பக்கத்துப் பெண் மகளின் தோளில் கை போட்டிருந்தாள்.

பெற்றவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வீட்டுக்கு நடக்கும்போது, "இனிமே குட்டை நல்லவதான்டி, கண்ணு. எல்லாத் தப்பையும் நெட்டை தலையில கட்டிடுறேன்" என்றாள்.

மகள் நின்றுவிட்டாள்.

"வேணாம்மா. எங்க கிளாஸ்ல நெட்டையா ஒருத்தி இருக்கா."