பக்கம் மாறிய கட்டில்

வெல்டர் என்றால்தான் அவரைத் தெருவில் தெரியும். கீழே பட்டறை, மேலே வீடு. இடுப்பு ஒடிந்து படுத்த அப்பாவைத் தூக்குவது, துடைப்பது, திருப்புவது எல்லாம் அவரும் அக்காவும்தான். விரிப்போடு சேர்த்துத் தூக்கித் திருப்புவார்கள். தரதரவென்று இழுத்தால் தோல் உரியும் என்று நர்ஸம்மா சொல்லிக்கொடுத்திருந்தார்.

அன்று காலை உடம்பு துடைக்கும்போது வலது இடுப்பெலும்பின் மேல் சிவப்பாக ஒரு திட்டு. வெல்டர் விரலால் அழுத்தி எடுத்தார். வெளுக்கவில்லை. அழுத்தியும் வெளுக்காத சிவப்பு, படுக்கைப் புண்ணுக்கு முன்னோடி.

"எண்ணெய் போட்டு நல்லா தேய்டா, போயிடும்," என்றாள் அக்கா.

"தேய்ச்சா உள்சதை இன்னும் நசுங்கும். அது மேல பாரம் விழாம பாத்தா போதும்."

நர்ஸம்மாவுக்குப் போன் போட்டார். அவரும் அதையே சொன்னார். தோல் கிழிந்தால் உடனே கூப்பிடச் சொன்னார்.

வெல்டருக்குப் புரியவில்லை. ரெண்டு மணி நேரத்துக்கொரு தடவை திருப்பும்படி அக்காவிடம் சொல்லித்தான் பட்டறைக்கு இறங்குகிறார். பிறகெப்படி ஒரே பக்கம் சிவக்கும்?

அக்கா முந்தானையை முறுக்கினாள். "நீ இறங்கினதும் ஜன்னல் பக்கம் திருப்பும்மான்னு கெஞ்சுறாருடா. பாவமா இருக்கு."

"உன் பாசந்தான்க்கா புண்ணா வருது."

அப்பாவை இடப்பக்கம் லேசாகச் சாய்த்தார்கள். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்கால் கீழே ஒன்று. மூக்குக்கு நேரே சுவர்.

"செவுத்தயே பாத்துக்கிட்டு கெடக்க நான் என்ன பல்லியா?" அப்பா முதுகுத் தலையணையை உருவி எறிந்தார். கஞ்சி வேண்டாம் என்று வாயை இறுக்கிக்கொண்டார்.

சாப்பிடாவிட்டால் தோலுக்கு ஏது தெம்பு? வெல்டர் கட்டிலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அப்பாவைத் திருப்பினால் சுவர். கட்டிலையே திருப்பினால்?

படபடவென்று கீழே இறங்கினார். கட்டில் கால்கள் கச்சிதமாக உட்காரும் இரும்புச் சட்டம், நாலு சக்கரம், ஒவ்வொன்றுக்கும் பூட்டு என்று பற்றவைத்து முடித்தார். அப்பாவை நாற்காலிக்கு மாற்றியபோது பட்டறை ஆட்களோடு கட்டிலைத் தூக்கிச் சட்டத்தில் பொருத்திச் சுற்றினார். தலைமாடு கால்மாடானது. இப்போது இடப்பக்கம் சாய்ந்தால் நேர் எதிரே தெரு.

"இத மொதல்லயே பண்றதுக்கு என்னடா?" என்றார் அப்பா. தலைப்பக்கம் உயர்த்தி, முகவாயை லேசாகக் கீழே தாழ்த்தி, கரண்டி கரண்டியாக ஊட்டினாள் அக்கா. ஒரு வாய் இறங்கினபிறகே அடுத்த வாய். முடிந்ததும் அரைமணி நேரம் அப்படியே நிமிர்ந்திருக்க வைத்தாள். தெருவை வேடிக்கை பார்த்ததில் அவருக்கு அது தெரியவே இல்லை.

சிவந்த இடுப்பு மெத்தையில் படாமல் இடப்பக்கமும் மல்லாந்தும் மாற்றி மாற்றிப் படுக்க வைத்தார்கள். கொஞ்ச நாளில் திட்டு மங்கியது. ஒரு காலை வெல்டர் அழுத்தினார். வெளுத்து, திரும்பச் சிவந்தது. அப்புறம் சுத்தமாக மறைந்தே போனது.

"இனிமே வலப்பக்கமும் முறை வரும்ப்பா," என்றார்.

"வரட்டும். பூட்ட எடுத்துட்டுச் சுத்து," என்ற அப்பா, தெருவை எட்டிப் பார்த்தார். "உன் பட்டறை ஆளு இன்னைக்கும் லேட்டுடா."