நானூறு பேருக்கு ஒரு பொங்கல் வாழ்த்து

என் போனில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியலில் இருநூற்றைம்பத்தாறு பேருக்கு மேல் சேர்க்க முடியாது என்பதால் இரண்டு. லாரி முதலாளிகள், உப்பு ஏற்றுமதி செய்பவர்கள், கப்பல் ஏஜென்ட் அலுவலகத்துப் பிள்ளைகள், காயல்பட்டினத்து வியாபாரிகள், கடற்கரைத் தெருவில் சர்ச்சுக்குப் பக்கத்தில் குடோன் வைத்திருப்பவர்கள் என்று மொத்தம் நானூறு பேருக்குக் கொஞ்சம் கூட. நான் தூத்துக்குடி துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட். கன்டெய்னர் எந்தக் கப்பலில் போகிறது, எத்தனை மணிக்குள் கேட்டைத் தாண்டி உள்ளே போக வேண்டும் என்பதை இந்தப் பட்டியலுக்குத்தான் அனுப்புவேன். அந்த நேரத்தைக் கட்-ஆஃப் என்போம். தாண்டிவிட்டால் பெட்டி அடுத்த கப்பலுக்குக் காத்துக் கிடக்கும். அதனால் என் செய்தி வந்தால் யாரும் திறக்காமல் விட மாட்டார்கள். குளித்துக்கொண்டிருந்தாலும் தலையைத் துவட்டிவிட்டுப் பார்ப்பார்கள்.

அந்தப் பட்டியலில்தான் பண்டிகை வாழ்த்தும் போகும். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம் இது. தனியாகப் பட்டியல் போட யாருக்கு நேரம் இருக்கிறது?

போன தீபாவளிக்கு, விடிந்ததும் வந்த முதல் படத்தை அப்படியே தள்ளிவிட்டேன். விளக்கு ஒன்று நின்று எரிந்தது. கீழே ஏதோ எழுதியிருந்தது. முதல் இரண்டு வரிகளைப் பார்த்தேன், 'ஒளி பரவட்டும், இருள் விலகட்டும்' என்று வழக்கமான சமாச்சாரம். மூன்றாவது வரியைப் பார்க்கவில்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

குளித்துவிட்டு வந்தபோது என் மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதை முழுசா வாசிச்சீங்களா?"

"வாழ்த்துதானே, என்ன வாசிக்க இருக்கு?"

"இல்லத்தரசி ஏற்றும் தீபம்போல் உங்கள் இல்லம் என்றும் ஒளிரட்டும்னு போட்டிருக்கு. இது அவருக்கும்தானே போயிருக்கும்?"

அவர் என்று அவள் சொன்னது, பதினெட்டு வருஷமாக எனக்கு டிரெய்லர் லாரி அனுப்பித் தருகிற நண்பரை. வயதில் என்னைவிட ஐந்தாறு வருஷம் சிறியவர். நான் தம்பி என்பேன், அவர் அண்ணாச்சி என்பார். நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற அவருடைய மனைவி ஆவணி மாதம் இறந்திருந்தாள். நான்தான் மயானம் வரைக்கும் கூடவே போனேன். அந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது என்பது எனக்குத் தெரியாத விஷயமா? பலகாரம் கொடுக்க என் மனைவி முந்தின நாளே போய்விட்டு வந்திருந்தாள்.

அழித்துவிடலாம் என்று பார்த்தேன். நீல டிக் விழுந்துவிட்டது. பத்து நிமிஷம் கழித்து 'நன்றி அண்ணாச்சி' என்று வந்தது. அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. லாரி வந்தது, பெட்டி ஏறியது, வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் போனை அவருடைய மேனேஜர்தான் எடுத்தான். சாயங்காலம் என் அலுவலகத்துக்கு வந்து டீ குடிக்கிற ஆள், எதிரே இருக்கிற டீக்கடையில் குடித்துவிட்டு அப்படியே போய்விடுவார்.

கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அது வரவில்லை. என்னவென்று கேட்பது? 'தெரியாமல் ஃபார்வர்டு பண்ணிவிட்டேன்' என்றா? அதாவது, உன்னை நினைக்கவே இல்லை என்று அவர் முகத்துக்கு முன்னால் போய்ச் சொல்வதா? எரிச்சல்தான் மிஞ்சியது. விளக்குப் படத்தை உண்டாக்கினவன் மீது எரிச்சல், அதை எனக்கு அனுப்பினவன் மீது எரிச்சல், எண்ணெய்க் கையோடு அழுத்தின என் மீதும்தான்.

பொங்கலுக்கு நானே எழுதுவது என்று முடிவெடுத்தேன். கரும்பு வேண்டாம், மங்களம் வேண்டாம், எங்கும் எதுவும் பொங்க வேண்டாம். நான் பேசுகிற மாதிரி இருக்க வேண்டும். நானூறு பேரில் யார் திறந்தாலும் தனக்கு எழுதினதாகத் தோன்ற வேண்டும். அந்த ஒரு வீட்டுக்கு முள்ளாகவும் இருக்கக் கூடாது.

உட்கார்ந்து எழுதிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது இதில் எத்தனை வில்லங்கம் என்று. 'குடும்பத்தோடு மகிழுங்கள்' என்றேன். குடும்பத்தைப் பிரிந்து கப்பலில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அடித்தேன். 'புத்தாடை' என்றேன். எல்லோருக்குமா எடுத்திருப்பார்கள்? 'இந்த வருஷம் உங்கள் ஏற்றுமதி பெருகட்டும்' என்றேன். பட்டியலில் இருக்கிற கஸ்டம்ஸ் அதிகாரி அதை வாசித்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்! 'சூரிய பகவானின் அருளால்' என்பதை எழுதும்போதே அடித்தேன், காயல்பட்டினத்து ஹாஜியார் நல்ல மனுஷர், சிரித்துக்கொள்வார், ஆனாலும் எதற்கு? எல்லோருக்கும் பொருந்தாததை எல்லாம் அடித்துக்கொண்டே போனால் கடைசியில் 'வாழ்த்துகள்' என்ற ஒரு சொல்தான் மிஞ்சியது. அதற்குப் பேசாமல் விளக்குப் படத்தையே அனுப்பலாம்.

என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். ஒரு வரைவைக் காட்டினேன்.

"லீவு லெட்டர் மாதிரி இருக்கு. நீங்க இப்படியா பேசுதீக?"

"பின்ன எப்படி எழுதணும்?"

"அவங்களுக்கும் உங்களுக்கும் என்ன பழக்கமோ அதை எழுதுங்க. எல்லார்ட்டயும் நீங்க பண்ணுத காரியம் ஒண்ணு இருக்கும்லா."

யோசித்தேன். எல்லோரிடமும் நான் செய்கிற காரியம் ஒன்றுதான்: நேரங்கெட்ட நேரத்தில் போன் போட்டுக் கத்துவது. அதிகாரியிடம் கத்த மாட்டேன், கெஞ்சுவேன். ஆனால் போன் உண்டு. அதைப் பிடித்ததும் எழுத்து தானாக வந்தது. மூன்று நாள் அடித்துத் திருத்தி, கடைசியில் இப்படி நின்றது:

'இந்த வருஷம் எத்தனையோ முறை அவசரத்தில் உங்களைக் கூப்பிட்டிருக்கிறேன். நீங்களும் எடுத்துப் பேசினீர்கள். நான் பதற்றத்தில் ஏதாவது சொல்லியிருந்தால் பெரிதுபடுத்தவில்லை. அதற்கு நன்றி. பானை வைக்கிற வீடுகளுக்கு என் பொங்கல் வாழ்த்து. இந்த வருஷம் பானை வைக்காத வீடுகளையும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இன்று என்னிடமிருந்து கட்-ஆஃப் எதுவும் வராது. நிம்மதியாக இருங்கள்.'

கடைசி மூன்று வரியில் எனக்கே ஒரு பெருமை. பானை வைக்காத வீடு என்ற வரி யாருக்காக என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் படித்தால் புரிந்துகொள்வார், சாயங்காலம் டீக்கு வந்துவிடுவார் என்று மனக்கணக்குப் போட்டேன்.

பொங்கலன்று காலை ஏழு மணிக்கு அனுப்பினேன். பதில்கள் வந்து விழுந்தன. கை கூப்பின பொம்மைகள் இல்லை, வாக்கியங்கள். 'போன மாசம் உங்களை நான் ஏசிட்டேன், அதையும் மறந்துருங்க' என்று ஒருவர். 'முதல் தடவையா உங்க மெசேஜ் பார்த்து வயிறு கலங்கல' என்று ஒரு உப்பு வியாபாரி. ஹாஜியார் குரல் பதிவாகவே அனுப்பினார். மனைவியிடம் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். அவள் பொங்கல் பானையைப் பார்ப்பாளா என்னைப் பார்ப்பாளா.

ஒன்பதரை மணிக்கு என் வாழ்த்து எனக்கே வந்தது. கப்பல் ஏஜென்ட் ஒருவர் தன் கம்பெனி முத்திரை போட்டு, கீழே தன் பெயர் போட்டு அனுப்பியிருந்தார். பத்து மணிக்கு இன்னொன்று, இதில் கரும்பு இருந்தது. பதினொன்றுக்கு எட்டயபுரம் ரோட்டில் டைல்ஸ் கடை வைத்திருப்பவரிடமிருந்து. கட்-ஆஃப் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. 'இன்று என்னிடமிருந்து கட்-ஆஃப் எதுவும் வராது' என்பதையும் சேர்த்தே அனுப்பியிருந்தார். மத்தியானம் வந்ததில் இரட்டை அம்புக்குறி விழுந்திருந்தது, பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது என்று. மூன்று நாள் மண்டையை உடைத்து எழுதினதை ஐந்து மணி நேரத்தில் விளக்குப் படம் ஆக்கிவிட்டார்கள்! யாரைப் போய்ப் பிடித்து உலுக்குவது?

அதுவரை நான் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் என் எழுத்து களவு போனதைத்தான். சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவரை நினைத்தேன். நீல டிக் ஏழேகாலுக்கே விழுந்திருந்தது. பதில் இல்லை.

சாயங்காலம் கூப்பிட்டேன். மேனேஜர் இல்லை, அவரே எடுத்தார்.

"தம்பி, காலையில ஒரு மெசேஜ் போட்டிருந்தேன்..."

"வந்துச்சு அண்ணாச்சி. ஒன்பது வந்துச்சு."

"ஒன்பதா?"

"ஒன்பது பேரு அனுப்பியிருக்காங்க. பானை வைக்காத வீடு, பானை வைக்காத வீடுன்னு. காலையிலருந்து போனைத் திறந்தா எங்க வீடுதான். இது நீங்க எழுதுனதுன்னு முதல்லயே தெரிஞ்சுபோச்சு. கட்-ஆஃப்னு இருக்குல்லா."

"அவங்க எடுத்து அனுப்புவாங்கன்னு நான் கண்டேனா?"

"அவங்களை விடுங்க. தீபாவளிக்கு அனுப்புனது நீங்க தெரியாம அனுப்புனது. அது எனக்குப் புரியாதா? அன்னைக்கே விட்டுட்டேன். இது என்னை நினைச்சு எழுதுனது. அப்ப எனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம்லா? எதுக்கு நானூறு பேருக்கு?"

கோபம் வந்தது எனக்கு. உனக்காகத்தானே இத்தனை பாடு என்று கத்த வாயெடுத்தேன். அவர் நிறுத்தவில்லை.

"நான் வராம இருந்தது கோபத்துல இல்ல அண்ணாச்சி. அங்கன வந்தா லாரி பேசுவீங்க, கப்பல் பேசுவீங்க. அவ போய் அஞ்சு மாசம் ஆச்சு. அவளைப் பத்தி ஒரு வார்த்தை நீங்க பேசல. யாருமே பேசல."

உண்மைதான். பேசினால் அழுதுவிடுவாரோ என்று பயந்து, யாருக்கும் வலிக்காத வரியைத் தேடித் தேடி எழுதியிருக்கிறேன். அந்த வரியில் அவளும் இல்லை, அவரும் இல்லை, ஒரு பானைதான் இருந்தது. எனக்கு என் மீதே வெறுப்பு வந்தது.

என்ன சொல்வதென்று யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"தம்பி, மழை வெள்ளத்துல ரோடெல்லாம் தண்ணி நின்னுச்சே, நம்ம வண்டி எல்லாம் வரிசையில மாட்டிக்கிட்டு. அன்னைக்கு உங்க போனுக்கு அடிச்சேன். தங்கச்சிதான் எடுத்தா. வண்டியை எடுக்கச் சொல்லுங்க, கட்-ஆஃப் போகுதுன்னு நான் கத்துறேன். அவ சொல்லுதா, 'உங்க கப்பல் போனாப் போகட்டும் அண்ணே. டிரைவருங்க ரெண்டு நாளா பட்டினி. சோறு வடிச்சுக்கிட்டிருக்கேன், தின்னுட்டுத்தான் வண்டியில ஏறுவாங்க. இனிமே இந்த நம்பருக்கு அடிச்சா நான் எடுக்க மாட்டேன்'னு. சொன்ன மாதிரியே எடுக்கவும் இல்ல."

 

"எங்கிட்ட இதை அவ சொல்லவே இல்லையே," என்றார்.  "அன்னைக்கு போனுல சார்ஜ் இல்லைன்னுல்லா சொன்னா. உங்களையா அப்படிப் பேசினா?"

"என்னையேதான்."

"வேற என்ன சொன்னா, சொல்லுங்க அண்ணாச்சி."