கஜபதி துப்பிய எச்சில்

அம்பத்தூரில் உள்ள அந்த அரசு சுகாதார நிலையத்தில், பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிற மேஜை நர்ஸ் கோமளாவுடையது. திருநின்றவூரிலிருந்து ரயிலில் நின்றபடியே வந்து உட்கார்ந்தால், மதியம் வரை வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். ஒருவரிடம் பேச நாலைந்து நிமிடம் கிடைத்தால் பெரிது.

பிரஷர் பார்க்க வந்த கஜபதியிடம் முதலில் அவள் கேட்டது, பீடி சிகரெட் உண்டா என்றுதான். தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர், சத்தியமாக இல்லை என்றார். கன்னத்துக்குள் டார்ச் அடித்த டாக்டர் வெள்ளைத் திட்டைக் கண்டபோதுதான், புகையிலையும் பாக்கும் கலந்த மாவாவை மெல்லுகிற விஷயம் வெளியே வந்தது. நிறுத்தினால் திட்டு சுருங்க வாய்ப்புண்டு, நிறுத்தாவிட்டால் புற்றாகலாம், எப்படியும் சதை எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார், ஆசையை அடக்க மெல்லுகிற நிகோடின் கம்மும் கொடுத்தார்.

மற்றதைக் கோமளா பார்த்துக்கொண்டாள். விட மனசு இருக்கிறதா, எந்த நேரத்தில் கை பாக்கெட்டுக்குப் போகிறது என்று கேட்டாள். டீக்குப் பிறகும், நைட் ஷிஃப்ட்டில் தூக்கத்தை விரட்டவும் என்றார். நிறுத்துகிற நாளை அவரே சொன்னார். ஆசை வந்தால் கொஞ்ச நேரம் தள்ளிப்போடுங்கள், தண்ணீர் குடியுங்கள், மூச்சை இழுத்துவிடுங்கள், கையை வேறு வேலைக்குத் திருப்புங்கள், தானாக அடங்கும் என்றாள். எரிச்சலும் தூக்கமின்மையும் முதல் வாரங்களில் படுத்தும், பிறகு குறையும் என்றாள். கம் மெல்லும்போது ஊறுகிற எச்சிலை முழுங்கக்கூடாது என்றும் சொன்னாள்.

நிறுத்திய வாரமே போன் செய்து கேட்டாள். சமாளிக்கிறேன் என்றார்.

அடுத்து நேரில் வந்தபோது சட்டைப் பையில் மாவா பாக்கெட் புடைத்திருந்தது.

"அந்த கம்மு வேலைக்காவாது சிஸ்டர். அத மெல்றப்பல்லாம் வெறி ஏறிக்கினே போது. பொண்டாட்டி மேல தட்ட வீசிட்டேன்."

"எச்சில என்ன பண்ணீங்க?"

"நீங்கதான முழுங்காதன்னீங்க. மாவா மாதிரி துப்பிக்கினே இருந்தேன்."

மாவா போடுகிறவருக்கு முழுங்காதே என்றால் துப்பு என்றுதான் பொருள் என்பது கோமளாவுக்குத் தோன்றவே இல்லை. கன்னத்துச் சதை வழியே உள்ளே இறங்கவேண்டிய மருந்தெல்லாம் எச்சிலோடு தரைக்குப் போயிருக்கிறது. மெதுவாக மெல்லுங்கள், சுருக்கென்றதும் கம்மைக் கன்னத்தில் ஒதுக்குங்கள், சுருக்கு போனால் மறுபடி மெல்லுங்கள், கூடவே டீ வேண்டாம் என்று திரும்பச் சொன்னாள். தப்பு தன்னுடையது என்றும் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்றதற்கு, லீவு இல்லை என்றார். புது கம்மை வாங்கிக்கொண்டார். முகத்தில் நம்பிக்கை இல்லை.

ஜன்னல் வழியே பார்த்தாள். கஜபதி கேட்டருகே நின்று சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தார். வரிசையில் அடுத்த அம்மாள் கையை நீட்டிவிட்டிருந்தாள். கோமளா போனை எடுத்து அவரை அழைத்தாள்.

"இன்னா சிஸ்டர்?"

"அத உள்ள வைங்க. கொஞ்ச நேரம் எங்கூட பேசுங்க, போயிடும்."

"உங்களுக்கு ஆளுங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும்."

மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதோ சொன்னார். நடுவிலேயே ஷேர் ஆட்டோ வந்து நின்றது. போன் கட்டானது. பையிலிருந்து எடுத்தது மாவாவா கம்மா என்று தெரியாமல் ஆட்டோ மறைத்துவிட்டது. கோமளா அந்த அம்மாளின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள்.