மெஷின் இப்போ நல்லா ஓடுதா?

நாகர்கோவிலில் ஆக்சிஜன் மெஷின் வாடகைக்கு விடும் ஒரு கடையில் நான் போன் எடுக்கும் வேலையில் இருந்தேன். நெஞ்சில் சளி கட்டியவர்கள், நுரையீரல் சுருங்கியவர்கள் வீடுகளில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாகக் கொடுக்கும் மெஷின் அது. கடையில் மூன்றே பேர். முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். ஊர் ஊராகப் போய் மெஷின் பார்க்கும் மெக்கானிக் ஒருத்தன். பிறகு நான். என் வீட்டுக்காரர் முதுகெலும்பு தேய்ந்து கல்ஃபிலிருந்து திரும்பி வந்து படுத்திருந்தார். அந்தச் சம்பளம் இல்லையென்றால் வீட்டில் அடுப்பு எரியாது.

மெஷின் செய்யும் கம்பெனி எங்களுக்கு சர்வீஸ் உரிமை கொடுத்திருந்தது. மெக்கானிக் ஒரு வீட்டுக்குப் போய் வந்ததும், மறுநாள் காலையில் கம்பெனியிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு மெசேஜ் போகும். இங்கிலீஷில் நீளமாக இருக்கும். உங்கள் அனுபவம் எப்படி, எங்களை மற்றவர்களுக்குச் சொல்வீர்களா என்றெல்லாம் கேட்டு, கடைசியில் ஒரு லிங்க். பதில் வருவதே இல்லை. பதில் வராத கடையை வைத்திருக்க மாட்டோம், திருநெல்வேலியில் உள்ளவர்களிடம் கொடுத்துவிடுவோம் என்று கம்பெனியின் ஏரியா ஆபீசர் ஒருநாள் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டார்.

அன்று அண்ணாச்சி மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

"மக்கா, நீ ஆளுக்கு ஒரு போன் போட்டுக் கேளு. என்ன எழவுக்குத்தான் பதில் போட மாட்டேங்காவ?"

கேட்டேன். கொல்லங்கோட்டுப் பக்கம் ஒரு அம்மா பட்டென்று சொன்னாள்: "லிங்க்க தொட்டா பேங்க்ல கெடக்கது போயிரும்னு மவன் சொல்லியிருக்கான். நான் தொடமாட்டேன் கேட்டியா." இன்னொருவர் இங்கிலீஷில் வந்தால் விளம்பரம் என்று அழித்துவிடுவாராம். பதில் போடலாம் என்று நினைத்த ஒருவருக்கு, அந்த மெசேஜ் நம்பர் இல்லாமல் வெறும் கம்பெனிப் பெயரில் வந்ததால் திருப்பி எதுவும் அனுப்ப முடியவில்லை. யாருக்கும் எங்கள்மேல் கோபம் இல்லை. மெசேஜ்தான் அவர்களுக்கு ஒத்துவரவில்லை.

ஆபீசரிடம் கெஞ்சி ஒரு அனுமதி வாங்கினேன். கம்பெனி மெசேஜ் அதுபாட்டுக்குப் போகட்டும், கடை மொபைலிலிருந்து நாங்களும் ஒன்று அனுப்புகிறோம், வருகிற பதிலை உங்களுக்குக் காட்டுகிறோம் என்றேன். அவர் வேண்டாவெறுப்பாகச் சரி என்றார்.

கடை நம்பர் எல்லா வீட்டிலும் சேமித்து வைத்திருந்தார்கள். அதனால் பயம் இல்லை. தமிழில் எழுதினால் ஒரு மெசேஜுக்கு எழுபது குறிக்குள் அடங்க வேண்டும். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாகக் கணக்கு. மீறினால் இரண்டாகிவிடும், பழைய போன்களில் பாதி முன்னும் பாதி பின்னுமாகப் போய் விழும். வணக்கத்தை வெட்டினேன். கடைப் பெயரை வெட்டினேன். நன்றியையும் வெட்டினேன். மிஞ்சியது இதுதான்: 'ஆக்சிஜன் மெஷின் இப்போ நல்லா ஓடுதா? ஆம் 1, இல்லை 2 அனுப்புங்க.'

எப்போது அனுப்புவது என்பதில்தான் திண்டாட்டம். முதலில் மெக்கானிக் வாசலில் நிற்கும்போதே அனுப்பிப் பார்த்தேன். பதில் மளமளவென்று வந்தது, எல்லாம் ஒன்று. வேர்த்து நிற்கிற பையனுக்கு முன்னால் யார் இரண்டு போடுவார்கள்? அதோடு மெஷினில் கோளாறு இருந்தால், கொஞ்ச நேரம் ஓடிச் சூடான பிறகுதான் வெளியே தெரியும். மறுநாள் அனுப்பினால் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். கடைசியில், அவன் கிளம்பி இரண்டு மணி நேரம் கழித்து என்று வைத்தேன். மதியம் கண்ணயரும் நேரத்தையும் ஜெப நேரத்தையும் தவிர்த்தேன். சாயங்காலம் பார்த்த வீட்டுக்கு மறுநாள் காலையில் அனுப்பினேன்.

பதில் வரத் தொடங்கியது. அண்ணாச்சி என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றையும் எட்டிப் பார்ப்பார்.

மழை விட்டிருந்த ஒரு நாள் முற்பகல். கடியப்பட்டணத்தில் மெக்கானிக் காலையில் பார்த்துவிட்டு வந்த வீடு அது. கடலுக்குப் போய்ப் போய் நெஞ்சு கெட்ட ஒரு பெரியவரும், கல்யாணமாகாத அவர் மகளும் இருந்தார்கள். மெசேஜ் அனுப்பிவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் வந்தது. 2.

உடனே போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவன் அஞ்சுகிராமத்தில் இருந்தான், மாவட்டத்தின் மறுகோடியில்.

"எக்கா, அந்தப் பிள்ளைக்குக் காது கேக்காது, பேச்சும் வராது. நீங்க ரிங் விட்டா அதுக்கு என்ன தெரியும்? எழுத்துல கேளுங்க. நான் இன்னா கெளம்பிட்டேன்."

'என்ன ஆச்சு?' என்று அனுப்பினேன்.

'மஞ்ச லைட். அப்பாக்கு மூச்சு இல்ல.'

மஞ்சள் விளக்கு எரிந்தால், மெஷின் ஓடுகிறது, ஆனால் வருகிற காற்றில் போதுமான ஆக்சிஜன் இல்லை என்று அர்த்தம். கரண்ட் போனால் உதவட்டும் என்று எல்லா வீட்டிலும் ஒரு சின்ன சிலிண்டர் வைக்கச் சொல்லியிருப்போம். 'சிலிண்டர் இருக்கா?' 'இருக்கு.' 'மெஷின்ல உள்ள குழாயக் கழட்டி அதுல மாட்டு. சாவியால மேல திற.' அதற்குமேல் பதில் இல்லை.

அண்ணாச்சியே ஆட்டோவைக் கூப்பிட்டு நிறைந்த சிலிண்டர் ஒன்றைத் தூக்கி வைத்தார். "போ மக்கா, போ," என்றார். நான் அந்த வேலை படித்தவள் அல்ல. போன் எடுக்கிறவள். வழியெல்லாம் மெசேஜ் அனுப்பிக்கொண்டே போனேன். மூச்சு வருதா? வருதா? ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, கேட்காமலே வேகமாக ஓட்டினார். என் மனசுக்குள் நான் அந்த வீட்டு முற்றத்தில் சாவுப் பந்தல் போட்டே விட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது பெரியவர் கட்டிலில் குனிந்து உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு வாயைத் திறந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மகள் குழாயைச் சின்ன சிலிண்டரில் மாட்டியிருந்தாள். அதில் முள் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. போனைத் தரையில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் அப்பாவைத் தாங்கிப் பிடித்திருந்தாள். அதனால்தான் பதில் இல்லை.

புது சிலிண்டரில் காற்றை அளந்து விடும் மீட்டரை மாட்ட எனக்கு வரவில்லை. மாட்டினால் ஓரத்தில் 'ஸ்' என்று காற்று கசிந்தது. அவள் என்னைத் தள்ளிவிட்டு, பழைய சிலிண்டரிலிருந்த வாஷரை நகத்தால் நெம்பி எடுத்து இதில் வைத்து முறுக்கினாள். சத்தம் நின்றது. அவளுக்குச் சத்தம் கேட்காது. கையைப் பக்கத்தில் வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டாள். பெரியவரின் தலை மெல்ல நிமிர்ந்தது.

மெக்கானிக் வந்து பார்த்தபோது மெஷினில் பழுது ஒன்றும் இல்லை. அவன் போன பிறகு, கோவிலைச் சேர்ந்த பக்கத்து வீட்டு ஜெபக் குழுவான அன்பியத்தார் சீக்காளிக்கு ஜெபம் சொல்ல வந்திருக்கிறார்கள். உட்கார இடம் வேண்டுமென்று யாரோ மெஷினைக் கட்டிலுக்குப் பின்னால் மெத்தையோடு ஒட்டித் தள்ளியிருக்கிறார்கள். காற்று இழுக்கும் வழி அடைத்து, உள்ளே சூடேறிவிட்டது. ஜெபம் முடிந்து எல்லாரும் போன பிறகு மெஷின் கத்தியிருக்கிறது. கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு அது எப்படிக் கேட்கும்? பெரியவருக்கு எழுந்து போய் அவளைத் தொட்டுக் கூப்பிடவும் தெம்பில்லை. இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. எங்கள் கேள்வியைப் படித்தாள். மெஷின் ஓடுகிறதா என்று பார்க்க உள்ளே வந்தாள்.

இதைப் பெரியவர் பாதியும், அவள் கையசைவில் மீதியுமாக எங்களுக்குச் சொன்னார்கள். மெக்கானிக் அழுதுவிட்டான்.

அந்த மாதப் பதில்களை ஆபீசருக்குக் காட்டினோம். அவர் போன் செய்தார்.

"பதில் நிறைய வந்திருக்கு மேடம், நல்லது. ஆனா இந்த ரெண்டு எதுக்கு வந்துச்சு? மெக்கானிக் மேல ரிமார்க் ஆகுமே."

நடந்ததைச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை.

"எனக்குப் புரியுது. ஆனா மேல இருக்கவங்க எண்ணைத்தான் பார்ப்பாங்க. மெக்கானிக் அங்க நிக்கும்போதே அனுப்பிடுங்களேன். எல்லாம் ஒண்ணுன்னே வரும். உங்க கடையும் நிலைக்கும்."

அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். என் வீட்டில் மருந்து தீர்ந்திருந்தது. அவருக்கும் கடைமேல் கடன் இருந்தது. அவர் சொல்லியிருந்தால் நான் மாற்றியிருப்பேன், சத்தியமாக மாற்றியிருப்பேன். அவர் போனை வாங்கினார்.

"சார், ரெண்டுன்னு போடத்தான் அந்த மெசேஜ். ரெண்டு வராம இருக்கணும்னா மெசேஜே எதுக்கு சார்?"

அதற்குப் பிறகு கம்பெனி, தன்னுடைய லிங்க்கில் வரும் பதிலைத்தான் எடுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டது. பதில் அதில் வரவில்லை. சர்வீஸ் உரிமை திருநெல்வேலிக்குப் போனது. வாடகை மெஷின்கள் மட்டும் கடையில் மிஞ்சின. எனக்குப் பாதிச் சம்பளம் என்றானது. மாலையில் ஒரு ஸ்கேன் சென்டரிலும் டோக்கன் கொடுக்கப் போனேன். வீட்டுக்கு வந்தால் பேசக்கூடத் தெம்பிருக்காது. வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பெரியவர் அதற்கப்புறம் ஒரு மழைக்காலமும் ஒரு கிறிஸ்துமஸும் பார்த்தார். தவக்காலத்தில் ஒருநாள் அவர் மகளிடமிருந்து மெசேஜ் வந்தது. நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

'அப்பா போயாச்சு. மெஷின் இங்க நிக்குது. பாக்க முடியல. எடுத்துட்டுப் போங்க.'

பதிலை எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் 'இப்பவே வாறோம்' என்று மட்டும் அனுப்பினேன். மெக்கானிக் வண்டியை எடுத்தான், நான் பின்னால் ஏறிக்கொண்டேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் மெஷினின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, ஒயரைச் சுருட்டி, வாசலில் வைத்திருந்தாள். மெக்கானிக் அதைத் தூக்க, அவள் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்தாள். இருவரும் ஒன்றும் எழுதிக்கொள்ளாமல் அதைக் குடித்தோம்.