குறைத்துப் போட்ட பேட்டரி

பெங்களூரு வைட்ஃபீல்டிலிருந்து ஓடும் ஒரு மின்சாரப் பேருந்துத் தடத்துக்கு எத்தனை யூனிட் பேட்டரி வேண்டும் என்று கணக்குப் போட்டவன் நான்தான். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட வேண்டும். கிலோமீட்டருக்கு ஒன்றே கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆக நூற்றெண்பது யூனிட். நெரிசல், ஏசி, கூட்டம், பேட்டரி தேய்வது எல்லாவற்றுக்கும் கையிருப்பு சேர்த்து இருநூற்றெண்பது கேட்டேன்.

"இவ்ளோ வெயிட் எதுக்கு? இருநூறு போதும். புது வண்டிக்குப் பத்து பர்சன்ட் மிச்சம் இருக்குல்ல?" என்றார் மேனேஜர்.

இரண்டே வருஷத்தில் அந்தப் பத்து சதவீதம் தேய்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் இருநூறுக்கே கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, அந்தத் தடத்தில் ஓட்டும் ஜோகுபாளையத்துத் தமிழர் ஒருவர், "சார்ஜ் கடகடன்னு எறங்குது சார், ஒருநாள் வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். மடிக்கணினியோடு ஏறினேன். மழை விட்ட சாயங்காலம், நிற்க இடமில்லாத கூட்டம். தொம்மலூர் மேம்பாலம் ஏறும்போது திரையில் ஐந்து சதவீதம். ஓட்டுநர் ஏசியை நிறுத்தினார். வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. டெப்போவுக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர்.

பின்னால் ஹாரன் அலறியது. "இளியோ கெளகே!" என்று, கீழே இறங்கச் சொல்லிக் கன்னடத்தில் கத்தியபடி ஒருவன் ஓட்டுநரின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தான். பைக்கில் வந்தவன் ஹெல்மெட்டால் அவர் வாயில் அடித்தான். பல் உடைந்து ரத்தம் கொட்டியது. விழுந்தவரை நாலைந்து பேர் வயிற்றில் மிதித்தார்கள். "நான் என்ன பண்ணேன்? சார்ஜ் இல்லப்பா!" என்று அவர் கத்தியது எனக்குக் கேட்டது. நான் கழுத்திலிருந்த கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். போக்குவரத்துக் காவலர் ஓடிவரும்வரை இருக்கையை விட்டு எழவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் அந்த வண்டியின் சார்ஜ் பதிவுகளைக் காட்டினேன். "ஒருநாள் டிராஃபிக்குக்காகவா?" என்றார். "தேஞ்ச பேட்டரிக்குப் புதுசோட கணக்கப் போட்டுட்டோம் சார். தப்பு என்னோடதும்தான்" என்றேன். நான் கத்தியதில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்றே அந்தத் தடத்து வண்டிகளுக்கு மத்தியானம் ஒரு சார்ஜ் கட்டாயமாக்கினோம். அடுத்து வாங்கிய வண்டிகளுக்கு, தேய்ந்த பேட்டரியும் மோசமான நாளின் மின்செலவும் வைத்துக் கணக்குப் போட்டு, அதற்கு மேல்தான் கையிருப்பைச் சேர்த்தேன்.

மூன்று வாரம் கழித்து டெப்போவில் அந்த ஓட்டுநர் என் எதிரே வந்து நின்றார். உதட்டில் தையல்.

"அன்னிக்கு உள்ளதானே இருந்தீங்க?"

"ஆமா."

ஓங்கி அறைந்தார். காது கொய்யென்றது. நான் யாரிடமும் புகார் சொல்லவில்லை. அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. டெப்போ அலுவலகத்தில் சாவியை வாங்கிக்கொண்டு, சார்ஜ் எவ்வளவு என்று திரையைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.