இருபது வரிகளில் மூன்று

பஸூன் அக்கா என்றே எல்லோரும் அவரை அழைத்தோம். எங்கள் இசைக்குழுவில் பஸூன் என்னும் நீண்ட மரக்குழலைப் பத்தொன்பது ஆண்டுகள் வாசித்தவர். பிறகு கச்சேரிகளை நேரலையாகக் காட்டும் ஒளிபரப்பு அறைக்கு வந்தார். எல்லா வாத்தியங்களின் இசையும் வரிவரியாக அடுக்கி அச்சிட்ட ஸ்கோரைப் பின்தொடர்ந்து, அடுத்து யார் வாசிப்பார் என்று இயக்குநருக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். கேமரா அங்கே திரும்பும். மூன்று கச்சேரிகள் சோதனை. தேறினால்தான் வேலை நிரந்தரம். ஸ்கோர்களின் பொறுப்பாளனான நான் அவருக்குப் பின்னால் அமர்ந்திருந்தேன்.

சிலர் மட்டும் வாசிக்கும் இடங்களில் மற்றவர்களின் வரிகளை அச்சிடாமல் விட்டுவிடுவார்கள். அப்போது ஒரே பக்கத்தில் இரண்டு அடுக்குகள் வரும். இடையே இரண்டு சிறு சாய்கோடுகள்தான் அடையாளம். முதல் கச்சேரியில் அக்கா மேல் அடுக்கு முடிந்ததுமே பக்கத்தைப் புரட்டிவிட்டார். பதினோரு பார்கள், அதாவது பதினோரு தாளக் கட்டங்கள், போயே போயின. புல்லாங்குழல் தனியாக உருகிக்கொண்டிருக்க, திரையில் முரசுக்காரர் மூக்கைச் சொறிந்தார்.

"அக்கா, அந்த மூக்குக்கு இன்னும் எத்தனை பார் இருக்கு?" என்றார் இயக்குநர்.

அன்று முதல் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஸ்கோரை விரித்துப் பயிற்சி. கணவர் எட்டிப்பார்த்தார்.

"இருபது வரியையும் எப்படிம்மா ஒண்ணா படிக்கிற?"

"யாரு படிக்கிறா? கல்யாண வீட்ல எல்லார் பேச்சையுமா கேக்குறோம்? மெட்டு ஒரு காதுல, அடியில போற கனத்த பாஸ் ஸ்வரம் ஒரு காதுல. கண்ணு மட்டும் வாசல்ல, அடுத்து யாரு வர்றாங்கன்னு."

இரண்டாவது கச்சேரி பிசகின்றி முடிந்தது.

மூன்றாவதில்தான் வினை. முதல் பகுதியைத் திரும்ப வாசிக்கும் குறி ஸ்கோரில் உண்டு. ஒத்திகைகளில் அதை விட்டுவிட்டார்கள்; மேடையில், கோலசைத்து இசைக்குழுவை வழிநடத்தும் நடத்துநர் மனம் மாறினார். யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. குறிக்கு அருகே இரண்டு முடிவுகள்: முதல் முறை, ஆரம்பத்துக்குத் திரும்பும் முன், செல்லோ என்னும் பெரிய வயலின் இறங்கிவரும்; இரண்டாம் முறை, மேலே தொடரும்போது, ஹார்ன் என்னும் பித்தளைக் குழல் நுழையும்.

"நாலு பார்ல ஹார்ன்," என்றார் அக்கா. கேமரா ஹார்ன்காரரைக் குறிவைத்தது. அவரோ ஹார்னைக் கவிழ்த்து, ஊதியதில் உள்ளே சேர்ந்த தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இவரா?" என்றார் இயக்குநர்.

அதற்குள் செல்லோவின் முதல் ஸ்வரம் அக்காவின் காதில் விழுந்துவிட்டது.

"ஹார்ன் வேணாம்! செல்லோ! ஆரம்பத்துக்கே திரும்புறாங்க!"

திரை செல்லோவுக்குத் தாவியது. அக்கா பதினேழு பக்கங்களை ஒரே கொத்தாகப் பின்னால் தள்ளினார். சரியான பக்கம் கிடைக்கும்வரை காகிதத்தைப் பார்க்கவே இல்லை, பாஸை மட்டும் பிடித்துக்கொண்டு, "ரெண்டாம் வயலின்... இப்ப ஓபோ," என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதன்பின் ஒரு பார்கூடத் தவறவில்லை. நான் எண்ணினேன்.

கைதட்டல் ஓய்ந்ததும் இயக்குநர் திரும்பினார்.

"அடுத்த மாச அட்டவணையில உங்க பேரை எழுதிடுறேன்."

"எழுதுங்க தம்பி. அப்படியே அந்த நடத்துநரோட போன் நம்பரையும் எனக்கு எழுதிக் கொடுங்க. அவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்."