கையெழுத்துக்குப் போன போஸ்டர்

கல்லூரிக் கலைவிழாவின் விளம்பரம் சுகுணாவின் பொறுப்பு. துணைக்கு நான்கு பேர். பணம் ஒரு பைசா கிடையாது. அரங்கம் அந்த ஒரு சனிக்கிழமைதான் காலி என்பதால் தேதியும் அசையாது.

கல்லூரி முதல்வரின் படத்தையும் ஒட்டி அவள் கையால் வரைந்த போஸ்டர், அவர் ஒப்புதலுக்குப் போய்ப் பத்து நாளாகியும் திரும்பவில்லை. கேட்டால், "ஃபைல் மேல போயிருக்கும்மா" என்றார் கிளார்க். அந்தக் கட்டடத்தில் முதல்வருக்கு மேலே கூரைதான் இருந்தது.

"போஸ்டர் கெடக்கட்டும்டி. தினம் ஃபெரியிலதான வீட்டுக்குப் போறோம்? அங்கயே ஆடிருவோம்" என்றாள் சுகுணா.

அந்தமானின் சாத்தம் துறையிலிருந்து அக்கரை பாம்பூஃப்ளாட்டுக்குப் போகும் படகில் ஐவரும் மாலைதோறும் ஆடினார்கள். நடுத்தண்ணீரில் யாரும் எழுந்து ஓட முடியாது. கரை வந்ததும், "சனிவார் கோ ஜரூர் ஆனா, பாபி!", "சனிக்கிழமை கண்டிப்பா வாங்கண்ணே!" என்று இந்தியிலும் தமிழிலும் ஒவ்வொருவரையும் விழாவுக்கு அழைத்தார்கள். பயணிகளே வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டார்கள்.

சனிக்கிழமை அரங்கம் நிரம்பி, ஜனம் படிக்கட்டில் நின்றது. முதல்வர் மைக்கைப் பிடித்தார்: "இவ்வளவு கூட்டத்துக்கும் நம்ம போஸ்டர்தான் காரணம்!"

ஐவரும் கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை போஸ்டர் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: "முதல்வர் படம் சிறிதாக உள்ளது. திருத்தி, உடனே ஒட்டவும்."